வட்டத்தில் உட்கார்ந்தால் வாயே திறக்காத எல்கேஜி குழந்தைகள்: என்ன செய்கிறீர்கள்?

திருப்பூர்_மிஸ்

வணக்கம். எல்கேஜி வகுப்பு எடுக்கிறேன். 22 குழந்தைகள், உதவிக்கு ஒரு ஆயா. காலையில் பிரேயர் முடிந்ததும் பாய் விரித்து எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "நேத்து வீட்டுல என்ன பண்ணீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போவேன்.

பாதிப் பேர் நிறுத்தாமல் பேசுகிறார்கள். மூன்று பேர் மட்டும் அவர்கள் முறை வந்ததும் உறைந்து போகிறார்கள். ஒரு பெண் குழந்தை பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். நான் மறுபடி கேட்பதற்குள் பக்கத்தில் இருக்கிறவன் "மிஸ், அவ பேச மாட்டா மிஸ்" என்று சொல்லிவிடுவான். இன்னொரு பையன் சிரிப்பான், அவ்வளவுதான். மூன்றாமவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். அவர்களை விட்டுவிட்டு அடுத்த குழந்தைக்குப் போனால் மனசு கேட்கவில்லை, வற்புறுத்தினால் அழுகை. வகுப்பில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

மேடைப்புலி

மேடம், இது மேடைப் பயம்தான். என் மகளும் இப்படித்தான் இருந்தாள். நாலு பேர் முன்னால் நிற்க வைத்து மைக்கைக் கையில் கொடுத்தோம். முதல் தடவை அழுதாள், அப்புறம் பழகிவிட்டது. இப்போது இரண்டாம் வகுப்பு, திருக்குறள் ஒப்புவித்தலில் பரிசு வாங்குகிறாள். தினமும் ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். ஒதுங்க விட்டால் ஒதுங்கியேதான் இருப்பார்கள்.

---

ஆலமரத்தடி

ஐயா, ஒதுங்க விடக்கூடாது என்பது சரி. ஆனால் மனப்பாடமாக ஒப்புவிப்பது ஒரு வேலை, வட்டத்தில் தன் முறைக்குக் காத்திருந்து தானாக ஒரு வார்த்தை சொல்வது வேறு வேலை. முதல் வேலையில் கில்லாடியாக இருக்கிற குழந்தை இரண்டாவதில் ஊமையாக உட்கார்ந்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர் மிஸ், முதலில் கணக்கைப் பாருங்கள். 22 பேருக்கு ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே 11 நிமிடம். நடுவில் ஒருவன் ஒன்றுக்குப் போகணும் என்பான், இரண்டு பேர் சண்டை போடுவார்கள், கால் மணி தாண்டிவிடும். நாலு வயதுக்கு உட்கார்ந்து கேட்கிற பொறுமை பத்து நிமிடம், நன்றாகப் போனால் 15. கூச்சக் குழந்தைக்கு இது இன்னும் மோசம். தன் முறை நெருங்க நெருங்க பயம் ஏறும். பதினெட்டாவது ஆளாக உட்கார்ந்திருந்தால் பதினேழு பேர் நேரமும் பயந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது உங்கள் கேள்வி. "நேத்து என்ன பண்ணீங்க" என்று கேட்டால் அந்தக் குழந்தை நேற்றை நினைவுக்குக் கொண்டு வரணும், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும், வாக்கியமாகக் கோக்கணும், பிறகு இத்தனை முகங்களுக்கு முன்னால் சொல்லணும். அத்தனையும் ஒரே நேரத்தில். பேசத் தெரிந்த குழந்தைகளே "இட்லி சாப்டேன்" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள்.

நான் துணிப்பையோடு தொடங்குவேன். உள்ளே புளியங்கொட்டை, கிளிஞ்சல், பெரிய பட்டன், காய்ந்த இலை, ஒரு மூடி, இப்படி. குழந்தைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று பொருள் கூடுதலாக இருக்கட்டும், கடைசிக் குழந்தைக்கும் தேர்ந்தெடுக்க ஏதாவது வேண்டும். கொட்டை, பட்டனை வாயிலும் மூக்கிலும் போடுகிற குழந்தைகள் இருந்தால் பெரிய பொருள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையும் கையை விட்டு ஒன்றை எடுக்கும். "என்கிட்ட புளியங்கொட்டை இருக்கு." இந்த ஒரு வாக்கியம்தான், எல்லாருக்கும் ஒரே வாக்கியம். பதில் கையிலேயே இருக்கிறது. எதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். மூன்று பேர் சொல்லிக் கேட்டபிறகு நாலாவது ஆளுக்கு ராகம் பிடிபட்டுவிடும்.

அதனால்தான் கூச்சக் குழந்தையை மூன்றாவது அல்லது நாலாவது இடத்தில் வைப்பேன். முதல் ஆளுக்குப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, கடைசி ஆளுக்குக் காத்திருப்பு. எனக்கு நேர் எதிரே உட்கார வைக்க மாட்டேன், என் பார்வை முழுக்க அங்கேயே விழும். என் பக்கவாட்டில், ஒரு ஆள் தள்ளி. வட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது என் கையில்தானே இருக்கிறது, தினமும் இடம் மாற்றித் தொடங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது.

முறை வந்ததும் அவள் கையில் இருக்கிற பொருளைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த இடைவெளியில் கேள்வியைத் திரும்பக் கேட்கவே கூடாது. கேட்டால் அவள் உள்ளே கோத்து வைத்திருந்தது கலைந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஐந்து எண்ணியும் வரவில்லையா, இரண்டில் ஒன்று கேளுங்கள்: "இலையா, பட்டனா?" அதுவும் இல்லையா, "எல்லாருக்கும் காட்டு" என்று சொல்லி, அவள் தூக்கிக் காட்டியதை வட்டமே சேர்ந்து "இலை!" என்று சொல்லட்டும். அவள் முறை முடிந்தது.

---

முன்பள்ளி_மட்டுநகர்

நான் மட்டக்களப்புப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பந்து உருட்டுவோம். வட்டமாகக் காலை விரித்து இருந்து, பந்தை யாருக்கு உருட்டுகிறோமோ அவர் பெயரைச் சொல்லி உருட்ட வேண்டும். பந்து வாங்குகிற பிள்ளை ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. அடுத்து உருட்டும்போது மட்டும் ஒரு பெயர் சொல்லவேண்டும். தன்னைப் பற்றிச் சொல்வதைவிட சிநேகிதியின் பெயரைச் சொல்வது பிள்ளைக்குச் சுலபம்.

ஒரு சிக்கல் வரும். கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு பேருக்கே பந்து திரும்பத் திரும்பப் போகும், அமைதியான பிள்ளைக்கு வராது. பந்து வந்துவிட்டவர் உருட்டி முடித்ததும் சம்மணம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி வையுங்கள். கால் விரித்திருப்பவருக்கு மட்டும்தான் உருட்டலாம். யாருக்கு இன்னும் வரவில்லை என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் சொல்லத் தேவையில்லை.

கொலை கொலையா முந்திரிக்காய் விளையாட்டும் நல்லது, சத்தமில்லாமல் துணியைப் போட்டுவிட்டு ஓடுவதுதானே, அதுவும் தன் முறைக்குக் காத்திருந்து செய்வதுதான்.

---

ஆலமரத்தடி

பந்து அருமை, சம்மணம் விதியை நான் நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன். முந்திரிக்காயில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. முதுகுக்குப் பின்னால் எப்போது துணி விழும் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது சில குழந்தைகளுக்குப் பெரிய பதற்றம். பேச்சு வந்தபிறகு விளையாடலாம்.

---

திருப்பூர்_மிஸ்

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். 22 பேரோடு துணிப்பை வைத்தாலும் நேரம் அதேதானே ஆகும்? சின்னக் குழுவாகப் பிரிக்கலாம் என்றால் அந்த நேரத்தில் ஆயா பால் காய்ச்சப் போய்விடுவார், மற்றவர்களை யார் பார்ப்பது? இன்னொன்று, "அப்புறம் சொல்றேன்" என்று ஒதுங்க விட்டால் அதையே பழக்கமாக்கிக்கொள்ள மாட்டார்களா?

---

ஆலமரத்தடி

22 பேரை வைத்து துணிப்பை செய்யவே செய்யாதீர்கள். பெரிய வட்டத்தில் பாட்டு, கைதட்டல், வருகை, எல்லாரும் சேர்ந்து சொல்கிறவை மட்டும் போதும். தனித்தனியாகப் பேசுவது ஆறு பேர் வட்டத்தில்தான். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், விருப்பம் இருந்தால் இரண்டாவது சுற்றும் போகலாம்.

ஆள் இல்லை என்றால் காலையில் பிள்ளைகள் வந்து சேருகிற நேரத்தைப் பிடியுங்கள். எல்லாரும் ஒரே நேரத்திலா வருகிறார்கள்? முதலில் வருகிற ஐந்தாறு பேரோடு பிரேயருக்கு முன்பே பாயில் உட்கார்ந்துவிடுங்கள். அந்த மூன்று குழந்தைகளின் வீட்டில் பேசி பத்து நிமிடம் முன்னால் கொண்டுவிடச் சொல்லுங்கள். காலியான வகுப்பில் முதலில் வந்து உட்கார்கிற குழந்தைக்கு அந்த இடம் தன்னுடையது. நிறைந்த வகுப்புக்குள் கடைசியாக நுழைகிற குழந்தைக்கு அப்படி இருக்காது. கூச்சக் குழந்தைகளில் பலர் தாமதமாக வருகிறவர்கள், கவனித்துப் பாருங்கள்.

ஒதுங்குவதைப் பற்றி: "அப்புறம் வர்றேன்" என்று சொன்னால் அந்தச் சுற்று முடிவதற்குள் நீங்கள் கட்டாயம் திரும்பி வரவேண்டும். மறந்துவிட்டால் இரண்டு பாடம் கற்றுக்கொள்வாள். ஒன்று, மிஸ் சொல்வது சும்மா. இரண்டு, சும்மா இருந்தால் தப்பிக்கலாம். திரும்பி வரும்போது போன தடவை கேட்டதைவிடச் சின்னதாகக் கேளுங்கள். வார்த்தை வரவில்லை என்றால் காட்டச் சொல்லுங்கள், காட்டவும் மாட்டாள் என்றால் பொருளைப் பைக்குள் போடச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்றைச் செய்து முறையை முடிக்கணும்.

ஒரு குழந்தையின் கதை சொல்கிறேன். ஜூனில் வந்தாள், வீட்டில் ஒரே பேச்சு என்று பாட்டி சொன்னார், வகுப்பில் காற்றுகூட வராது. முதலில் அவளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருகிற வேலை கொடுத்தேன். ஒவ்வொரு குழந்தை முன்னாலும் நின்று பையைத் திறந்து காட்டணும். பேச்சு இல்லை, ஆனால் எல்லாருடைய முறையும் அவள் கையால்தான் வருகிறது. சில வாரத்தில் மற்ற பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் அவளே எடுத்துக் காட்டினாள். அப்புறம் இரண்டில் ஒன்றுக்குத் தலையாட்டினாள். என்னிடம் சாக்ஸில் செய்த ஒரு அணில் பொம்மை உண்டு, அதன் காதில் "மூடி" என்று குசுகுசுத்தாள். அவள் குரலை அணில்தான் முதலில் கேட்டது. அணில் எனக்குச் சொல்லும், நான் வட்டத்துக்குச் சொல்வேன். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு எல்லாம் பழையபடி போய்விட்டது, பை தூக்குகிற வேலையிலிருந்தே திரும்பத் தொடங்கினோம், இந்தத் தடவை வேகமாக ஏறினாள். பொங்கல் பக்கம் "என்கிட்ட இலை இருக்கு" என்று முழு வாக்கியம், மெதுவாகத்தான்.

முதல் வார்த்தை வந்ததும் நாம் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "ஏ, பேசிட்டா! எல்லாரும் கை தட்டுங்க!" அன்றைக்கே கதவு சாத்திவிடும். அவளுக்கு வேண்டாத அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் அவள் மேல். அடுத்த நாள் வட்டத்துக்கு வராமல் பை மாட்டுகிற இடத்திலேயே நின்றால் காரணம் இதுதான். அவள் சொன்னதற்குப் பதில் பேசுங்கள், "இலையா, காஞ்சு போச்சு பாரு, நொறுங்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள்.

---

கீழ்வீட்டு_அம்மா

இதைப் படித்ததும் என் மகன் நினைவுதான். நாலரை வயது. இரண்டாவது வருடமாக அதே பள்ளியில் இருக்கிறான், இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் தங்கச்சியோடு காது கிழிய சண்டை போடுவான். பள்ளி கேட் வந்ததும் என்னிடம்கூடப் பேசமாட்டான். ஒன்றுக்கு வந்தால்கூடச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பள்ளியில் கேட்டால் "பிடிவாதம், வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார்கள். இந்தத் துணிப்பை, அணில் எல்லாம் அவனுக்கும் உதவுமா?

---

பேச்சுப்பயிற்சி_கோவை

அம்மா, உங்கள் மகன் விஷயத்தை இந்த இழையில் பேசுகிற கூச்சத்தோடு சேர்க்க வேண்டாம். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் எந்தக் குழந்தையும் பேசாமல் இருக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல், ஒரு இடத்தில் சரளமாகப் பேசுகிற குழந்தை இன்னொரு இடத்தில் தொடர்ந்து பேசவே பேசாமல் இருந்தால், செலக்டிவ் மியூட்டிசமா என்று பார்க்கணும். உங்களுக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது, கழிப்பறைக்குக்கூடக் கேட்க முடியவில்லை. இது பிடிவாதம் இல்லை, பதற்றம். அவன் பேச மறுக்கவில்லை, அந்த இடத்தில் அவனால் முடியவில்லை. குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர், கூடவே பேச்சுப் பயிற்சியாளர், இவர்களிடம் காட்டுங்கள். காதுப் பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

நாங்கள் பொதுவாக எப்படித் தொடங்குவோம் என்றால், பள்ளி விட்டபிறகு காலி வகுப்பறையில் அம்மாவும் குழந்தையும் மட்டும் விளையாடுவார்கள். அங்கே அவனுக்குக் குரல் வந்ததும், டீச்சர் வாசலில் ஏதோ நோட்டுத் திருத்துகிற மாதிரி இருப்பார், அவனைப் பார்க்க மாட்டார். அடுத்தடுத்த நாள்களில் மேசைக்கு வருவார், அப்புறம் பக்கத்தில், அப்புறம் விளையாட்டில் ஒரு ஆளாக. குரல் நின்றால் ஒரு அடி பின்னால். டீச்சரோடு பேச்சு நிலைத்தபிறகு அம்மா மெல்ல விலகுவார், ஒரு நண்பன் உள்ளே வருவான். வட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். இதை வழிகாட்ட ஒருவர் இருக்கும்போது செய்யுங்கள். அதுவரை பள்ளியில் யாரும் "பேசினாதான் தருவேன்" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழிப்பறைக்கு ஒரு கைசைகை பேசிவையுங்கள்.

திருப்பூர் மிஸ், உங்கள் மூன்று பேரும் ஒரே காரணத்தால்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு நேரத்தில், தனியாக ஒரு நண்பனோடு, எப்படி இருக்கிறார்கள்? அந்த வெறுமனே பார்க்கிற பையன் வீட்டில் என்ன மொழி பேசுகிறான்?

மேடைப்புலி சார், படிப்படியாகப் பழக்குவது எங்கள் முறையும்தான், அதில் நீங்கள் சொன்னது சரி. உங்கள் மகளுக்கு அந்த முதல் படி எட்டியது. இந்தக் குழந்தைகளுக்கு மைக் பத்தாவது படி.

ஐந்து எண்ணுவது பற்றி ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு காத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். அவர் பார்த்தது பெரிய வகுப்புப் பிள்ளைகளை. நாலு வயதுக்கு ஐந்து வினாடி அதிகமே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் ஆலமரத்தடி அம்மாவிடம் மாறுபடுகிறேன். மெல்லச் சொன்னதை நாம் சத்தமாக வட்டத்துக்குத் திரும்பச் சொல்வது. எப்போதும் அப்படிச் செய்தால் மற்றவர்கள் மிஸ் குரலுக்கு மட்டும் காது கொடுப்பார்கள், அந்தக் குழந்தையும் குரலைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

---

ஆலமரத்தடி

சொல்வது புரிகிறது டாக்டர் அம்மா. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் கடகடக்க, ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடிக்க, அந்தக் குரல் ஒன்றரை அடி தாண்டாது. நான் திரும்பச் சொல்லாவிட்டால் "கேக்கல மிஸ்" என்று நாலு பேர் கத்துவார்கள். அதைவிட என் குரல் மேல். பேச்சு நிலைத்தபிறகு நிறுத்தலாம்.

---

பேச்சுப்பயிற்சி_கோவை

நான் டாக்டர் இல்லை அம்மா, பயிற்சியாளர்தான். ஆறு பேர் நெருங்கி உட்கார்ந்தால் கேட்குமே? ஃபேனைச் சுற்று முடியும்வரை நிறுத்திப் பாருங்களேன்.

---

ஆலமரத்தடி

மே மாசம் எங்கள் ஊருக்கு வந்து ஃபேனை நிறுத்திக் காட்டுங்கள் :)

---

திருப்பூர்_மிஸ்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். கேட்டபடி செய்தேன்.

காலையில் முதலில் வருகிறவர்களோடு சின்ன வட்டம். பாவாடை நுனிக் குழந்தைக்குப் பை தூக்குகிற வேலை கொடுத்தேன். இப்போது பொருளை எடுத்து உயர்த்திக் காட்டுகிறாள், வார்த்தை இன்னும் வரவில்லை. ஆனால் பாவாடையை வாயில் வைப்பது இந்த வட்டத்தில் இல்லை. பெரிய வட்டத்தில் இருக்கிறது. சிரிக்கிற பையன் பந்து விளையாட்டில் தன் நண்பன் பெயரைச் சொல்லிவிட்டான், நான் கை தட்டவில்லை, ரொம்பக் கஷ்டப்பட்டு.

மூன்றாமவன்தான் ஆச்சரியம். அவன் அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். வீட்டில் இந்தி வகைதான். புளியங்கொட்டையை எடுத்ததும் "இம்லி" என்றான், தெளிவாக, சத்தமாக. கூச்சமே இல்லை. நான் "இம்லி, புளியங்கொட்டை" என்றேன், மற்றவர்களும் இம்லி இம்லி என்று சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு பொருளையும் அவனிடம் காட்டி அவன் மொழியில் அதன் பெயரைக் கேட்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். அடுத்த மாதம் பெற்றோரை அழைத்து ஒவ்வொரு குழந்தையும் வட்டத்தில் பேசுவதை ஃபோனில் எடுக்க விடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை.

---

முன்பள்ளி_மட்டுநகர்

தனித்தனியாக வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள் தங்கச்சி. இரண்டு இரண்டு பேராக, ஒருவர் பொருளைக் காட்ட மற்றவர் சொல்கிற மாதிரி வைத்தால் பாவாடை நுனிப் பிள்ளை காட்டுகிற ஆளாக நிற்கலாம். இம்லிக்காரரையும் அவளையும் சோடி சேருங்கள்.

---

மேடைப்புலி

வீடியோ எடுப்பதை முந்தின நாள் ஒத்திகையிலேயே முடித்துவிடச் சொல்லலாமே, கூட்டம் இருக்காது. நான் சொன்ன மைக் ஐடியாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பத்தாவது படிக்குப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

---

கீழ்வீட்டு_அம்மா

மருத்துவமனையில் தேதி வாங்கிவிட்டேன். பள்ளியில் கழிப்பறைக்குச் சுண்டுவிரல் காட்டினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். காலி வகுப்பறை கேட்டதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதாம், அவர் நாலு மணிக்குப் போய்விடுவாராம். வேறு இடத்தில், கோயில் பிராகாரத்தில் டீச்சரை வரவைத்துத் தொடங்கினால் பலன் இருக்குமா, பயிற்சியாளர் அம்மா?

---

பேச்சுப்பயிற்சி_கோவை

டீச்சரோடு பழக பிராகாரம் நல்ல இடம், ஆள் குறைவான நேரமாகப் பாருங்கள். ஆனால் அவன் குரல் அடைபடுவது பள்ளி கேட்டில். அங்கே வந்ததும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் வகுப்பு திறந்திருக்குமா என்று கேளுங்கள், வாட்ச்மேன் அப்போது இருப்பாரே.